அகசியா அரசனானபோது வயது 22ஆ, 42ஆ? இரண்டு பதிப்புகள், இரண்டு எண்கள்

கல்மண்டபம் மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். இராயபுரத்தில் இருந்தபடி ஆங்கில நூல்களைத் தமிழுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். யூதா நாட்டு அரசர்களைப் பற்றிய சிறு நூல் ஒன்று இப்போது கையில் இருக்கிறது. அதில் அகசியாவைப் பற்றிய அத்தியாயம் இரண்டாம் நாளாகமம் 22:2 வசனத்தோடு தொடங்குகிறது. நூலாசிரியர் எடுத்தாண்டிருப்பது என்.ஐ.வி. என்ற ஆங்கிலப் பதிப்பு. அகசியா அரசனானபோது அவனுக்கு வயது 22 என்று அதில் இருக்கிறது. வசனங்களை நானாக மொழிபெயர்க்காமல் நம் சபைகளில் வாசிக்கும் பழைய தமிழ்ப் பதிப்பிலிருந்து எடுத்துப் போடுவது என் வழக்கம் என்பதால் அதைத் திறந்து பார்த்தேன். அங்கே அதே வசனத்தில் 'நாற்பத்திரண்டு' என்று எழுத்தால் அச்சாகியிருக்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதே தமிழ்ப் பதிப்பில் இரண்டாம் இராஜாக்கள் 8:26-ஐப் பார்த்தால் இதே அகசியாவுக்கு இருபத்திரண்டு வயது என்று இருக்கிறது. ஆங்கில நூலின் ஆசிரியரோ அவன் இளைஞன் என்பதை வைத்தே ஒரு பத்தி முழுவதும் எழுதியிருக்கிறார். தாய் அத்தாலியாளின் ஆலோசனையைக் கேட்டுக் கெட்டுப்போனான் என்று அடுத்த வசனம் சொல்வதை, அனுபவமில்லாத 22 வயதுக்காரன் தாய் சொல் கேட்டான் என்று அவர் விளக்குகிறார். 42 என்று போட்டால் அந்தப் பத்தி நிற்காது. 22 என்று போட்டால், புத்தகத்தை ஒரு கையிலும் வேதாகமத்தை மறுகையிலும் வைத்து வாசிப்பவர் நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று நினைப்பார். எந்த எண்ணைப் போடுவது முறை?

தங்கசாலை மெய்ப்பு

தம்பி, தங்கசாலைத் தெருப் பக்கத்து அச்சகங்களில் ஈய எழுத்துக் காலம் தொட்டு மெய்ப்புப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது அச்சுக்கோப்பவரின் கைப்பிழையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய புத்தகங்களில் தமிழ் எண்களைப் போடுவார்கள். ௨௨ என்று இருந்ததை ௪௨ என்று கோத்திருந்தால் மெய்ப்பில் அது கண்ணில் படாமலே போய்விடும். எழுத்துப் பிழை வாக்கியத்தைக் கெடுத்துக் காட்டிக் கொடுத்துவிடும், எண் பிழையோ வாக்கியத்தைத் தொடுவதே இல்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையில் தேதி மாறிப்போய், ஐந்நூறு பத்திரிகைகளையும் மறுபடி அச்சடித்துக் கொடுத்த கதை எனக்குத் தெரியும். அந்தப் பதிப்பின் முந்தைய அச்சு ஒன்றைத் தேடிப் பாருங்கள், 22 என்று இருக்கும்.

பழைய பிரதி

ஐயா, எண் பிழை மெய்ப்பில் தப்பிவிடும் என்று நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் இந்தப் பிழை தங்கசாலைக்கு வந்து சேர்வதற்கு மிக முன்பே நடந்துவிட்டது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கிலப் பதிப்பிலும் இந்த இடத்தில் 42தான். அதற்கு அடிப்படையான எபிரேயப் பாடத்திலும் 42தான். இன்று முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய எபிரேயப் பிரதி லெனின்கிராட் கோடெக்ஸ். 1008ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்ட அதிலும் 'நாற்பத்திரண்டு' என்று சொல்லாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே பழைய தமிழ்ப் பதிப்பு தன் மூலத்தை அப்படியே தந்திருக்கிறது, அதன்மேல் குற்றம் இல்லை.

நான் ஓய்வு பெறும்வரை இறையியல் மாணவர்களுக்கு எபிரேயம் கற்பித்தவன். இந்த வசனத்தை வகுப்பில் எடுக்கும்போது முதலில் முந்தைய அதிகாரத்தின் கடைசி வசனத்தை வாசிக்கச் சொல்வேன். அகசியாவின் தகப்பன் யோராம் 32 வயதில் அரசனாகி 8 ஆண்டுகள் ஆண்டான் என்று 21:20 சொல்கிறது. அப்படியானால் இறக்கும்போது அவனுக்கு வயது 40. அவன் இறந்த கையோடு பட்டத்துக்கு வந்த மகனுக்கு வயது 42 என்றால், மகன் தகப்பனைவிட இரண்டு வயது மூத்தவன் ஆகிறான். இது போதாதென்று 22:1, அகசியாவை யோராமின் இளைய குமாரன் என்று சொல்கிறது. மூத்தவர்கள் எல்லோரும் கொள்ளைக் கூட்டத்தாரால் கொல்லப்பட்டதால்தான் கடைக்குட்டிக்கு அரியணை கிடைத்தது. எனவே எபிரேயப் பாடத்தின் 42 நிற்காது என்பதற்கு வேறு நூல் எதையும் தேட வேண்டியதில்லை, நாளாகமமே சாட்சி சொல்கிறது.

இனி என்.ஐ.வி. பதிப்பாளர்கள் 22 என்று போட்டது எதைக் கொண்டு என்பதைப் பார்ப்போம். அவர்களுடைய அடிக்குறிப்பைப் படித்தால் தெரியும். கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தாவின் சில பிரதிகளிலும் சிரியப் பாடத்திலும் 22 என்று இருக்கிறது, இரண்டாம் இராஜாக்களும் அப்படியே சொல்கிறது, எபிரேயத்தில் 42 என்றுதான் இருக்கிறது என்று அவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். ஆக உங்கள் மேசையில் இருக்கும் இரண்டு பதிப்புகளும் ஒரே சான்றுகளைப் பார்த்தவை. ஒன்று பிரதியில் இருப்பதைத் தந்தது, மற்றொன்று இருந்திருக்க வேண்டியது எது என்று தீர்மானித்துத் தந்தது.

வியாசர்பாடி வாசகன்

இதற்கு எளிய விளக்கம் இருக்கிறது. எபிரேயர்கள் எழுத்துகளையே எண்களாகப் பயன்படுத்தினார்கள். 20க்கு 'கஃப்', 40க்கு 'மேம்'. பழைய எழுத்து வடிவத்தில் இரண்டும் நீண்ட காலோடு ஒன்றுபோலவே இருக்கும். படியெடுத்தவர் கஃபை மேம் என்று வாசித்துவிட்டார், அதனால் 22 என்பது 42 ஆயிற்று. ஒரு விளக்கக் கூட்டத்தில் ஒரு போதகர் பலகையில் எழுதியே காட்டினார். இது நிரூபிக்கப்பட்ட விஷயம்.

பழைய பிரதி

வியாசர்பாடித் தம்பிக்கு: அந்த இரண்டு எழுத்துகளும் பழைய வடிவத்தில் ஒத்திருப்பது உண்மை. நிரூபிக்கப்பட்டது என்பதுதான் சரியில்லை. கையில் இருக்கும் எபிரேய வேதாகமப் பிரதிகளில் இத்தகைய எண்கள் சொற்களாக எழுதப்பட்டிருக்கின்றன. சொற்களாக எழுதும்போது இருபது என்பது 'எஸ்ரீம்', நாற்பது என்பது 'அர்பயீம்'. ஒன்றை மற்றொன்றாக வாசிக்க வழியில்லை. எழுத்துகளை எண்களாகப் பயன்படுத்தும் வழக்கமோ, கி.மு. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்தர் யன்னாய் என்ற யூத அரசன் வெளியிட்ட நாணயங்களில்தான் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிகிறது. நாளாகமம் எழுதப்பட்டது அதற்கு முன்பு.

நீங்கள் சொன்னதற்குப் பக்கத்திலேயே வேறொரு வழி இருக்கிறது. அது எனக்குச் சற்று நம்பத் தகுந்ததாகத் தெரிகிறது. எகிப்தில் எலிபன்டைன் தீவில் வாழ்ந்த யூதர்களின் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு அரமேயப் பத்திரங்களில் எண்களுக்குக் குறிகள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு என்பவை வெறும் கோடுகள், இருபதுக்குத் தனிக் குறி. அந்த முறையில் 22 என்பது ஒரு இருபதுக் குறியும் இரண்டு கோடுகளும். 42 என்பது இரண்டு இருபதுக் குறிகளும் இரண்டு கோடுகளும். எழுதுகிறவர் ஒரு குறியைக் கை தவறி இரட்டித்துவிட்டால் போதும், மகன் தகப்பனுக்கு மூத்தவனாகிவிடுவான். ஆனாலும் அந்தக் குறிகளோடு எழுதிய நாளாகமப் பிரதி எதுவும் கிடைக்கவில்லை. சாக்கடல் சுருள்களில் நாளாகமத்துக்கு உரியதாகக் கிடைத்தது ஒரே ஒரு சிறு துண்டு. அதுவும் 28, 29ஆம் அதிகாரங்களைச் சேர்ந்தது. ஆகவே இதைச் சாத்தியம் என்று சொல்லலாமே தவிர, நடந்தது இதுதான் என்று சொல்ல முடியாது.

எண்ணூர்க்காரன்

எனக்கும் இதே பிரச்சினைதான். என் அப்பாவுக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு வயது, ஞானஸ்நானப் பதிவேட்டில் இன்னொரு வயது. அவர் இறந்த பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்க அலைந்தபோது, பிறந்த ஆண்டு ஏன் மாறுகிறது என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்டார்கள். கடைசியில் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான் முடித்தோம். நீங்களும் எது பழைய ஆவணமோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இராஜாக்களின் புத்தகம் நாளாகமத்தைவிடப் பழையது என்கிறார்கள், அப்படியானால் 22தானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பழைய பிரதி

எண்ணூர்த் தம்பி, நீங்கள் கேட்பது அகசியாவின் உண்மையான வயது என்ன என்று. அந்தக் கேள்விக்கு உங்கள் வழி நல்ல வழிதான். மொழிபெயர்ப்பாளர் கேட்பது வேறு. நாளாகமத்தின் வசனத்தை மேற்கோள் காட்டும்போது நாளாகமம் என்ன சொல்கிறது என்று எழுத வேண்டும் என்பது அவருடைய கவலை. இராஜாக்களில் இருப்பதை எடுத்து நாளாகமத்தின் வாயில் வைக்க முடியாது.

தண்டையார்பேட்டை மூப்பர்

சகோதரர்கள் எல்லோரும் வசனத்தில் பிழை என்றே தொடங்கிவிட்டீர்கள். 42 என்பது அகசியாவின் வயது அல்ல, அவன் தாய் வந்த உம்ரியின் வீட்டின் வயது என்று யூதர்களின் பழைய விளக்கம் ஒன்று இருக்கிறது. அதே வசனத்தில் 'உம்ரியின் குமாரத்தி' என்று அத்தாலியாளை அழைப்பதும் அதனால்தான். உம்ரியின் வீடு எழுந்து 42ஆம் ஆண்டில் அகசியா அரசனானான், அந்த வீட்டோடு சேர்ந்தே யெகூவின் கையில் அழிந்தான். இப்படி வாசித்தால் இரண்டு வசனங்களும் மெய்யாகின்றன. அச்சில் இருப்பதை மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை.

பழைய பிரதி

மூப்பர் ஐயா சொல்வது சேதர் ஓலாம் என்ற பழைய யூதக் காலக்கணக்கு நூலில் இருக்கும் விளக்கம். அதைத் தள்ளிவிடாமல் கணக்குப் போட்டே பார்ப்போம். ஆசாவின் 31ஆம் ஆண்டில் உம்ரி அரசனானான். ஆசா ஆண்டது 41 ஆண்டுகள். எனவே அங்கிருந்து 10. அடுத்து யோசபாத்தின் 18ஆம் ஆண்டில் இஸ்ரவேலின் யோராம் பட்டத்துக்கு வந்தான், ஆக 28. அந்த யோராமின் 12ஆம் ஆண்டில் அகசியா அரசனானான், ஆக 40. தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள பாதி ஆண்டுகளை முழு ஆண்டுகளாக எண்ணினால் 42க்கு இழுத்துக்கொண்டு வரலாம். எண் பக்கத்தில் வருகிறது என்பதை நான் மறுக்கவில்லை.

எனக்கு நெருடுவது வாக்கிய அமைப்பு. 'இன்னார் ராஜாவாகிறபோது இத்தனை வயதாயிருந்து, இத்தனை வருஷம் அரசாண்டான்' என்ற ஒரே வாய்பாட்டில் யூதாவின் அரசர்களை நாளாகமம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. யோராமுக்கு அது வயது, யோவாசுக்கு அது வயது, எசேக்கியாவுக்கு அது வயது. நடுவில் அகசியா ஒருவனுக்கு மட்டும் அது வம்சத்தின் வயது என்றால், வாசகனுக்கு ஒரு சொல்லாவது குறிப்புக் கொடுத்திருக்க வேண்டாமா?

கல்மண்டபம் மொழிபெயர்ப்பாளர்

பழைய பிரதி ஐயாவுக்கு நன்றி. இதே நூலில் பின்னால் யோயாக்கீனும் வருகிறான் என்பதை இப்போதுதான் பார்த்தேன். நாளாகமம் 36:9இல் பழைய தமிழ்ப் பதிப்பு அவனுக்கு எட்டு வயது என்கிறது, ஆங்கிலத்தில் பதினெட்டு. இதுவும் அதே வகைதானா? இங்கே தகப்பன் வயதை வைத்துத் தீர்க்க முடியவில்லையே. எட்டு வயதுப் பிள்ளையை அரியணையில் உட்கார வைப்பது நடக்காத காரியமும் அல்லவே.

பழைய பிரதி

நல்ல கேள்வி. எட்டு என்பது தன்னளவில் அபத்தம் இல்லை, யோசியா எட்டு வயதில்தான் அரசனானான். அதனால் இங்கே வெளிச்சாட்சி தேவைப்படுகிறது. நம் அதிர்ஷ்டம், அது இருக்கிறது.

யோயாக்கீன் மூன்று மாதம் ஆண்ட பிறகு நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். பாபிலோனியர்களின் சொந்த நாள்வரிசைக் குறிப்பு அதற்கு மாதமும் நாளும் தருகிறது. நம் கணக்கில் கி.மு. 597 மார்ச் மாதம். யோயாக்கீன் பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனான். பாபிலோன் அகழாய்வில் கிடைத்த களிமண் பலகைகளில் சிலவற்றை எர்ன்ஸ்ட் வைட்னர் என்ற அறிஞர் 1939இல் வெளியிட்டார். அவை அரண்மனையின் படியளப்புக் கணக்கு, நம் ஊர் ரேஷன் கடைப் பதிவேடு மாதிரி. இன்னாருக்கு இவ்வளவு எண்ணெய் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. அதில் யூதா தேசத்து அரசன் யோயாக்கீன் பெயர் வருகிறது, அவனுடைய ஐந்து மகன்களுக்கும் எண்ணெய் அளந்திருக்கிறார்கள். ஆண்டு குறிப்பிட்ட பலகை கி.மு. 592ஐச் சேர்ந்தது.

597இல் அவனுக்கு எட்டு வயது என்றால் 592இல் பதின்மூன்று. பதின்மூன்று வயதில் ஐந்து பிள்ளைகள் இருக்க முடியாது. பதினெட்டு என்றால் அப்போது இருபத்துமூன்று. அரச குடும்பத்தில் பல மனைவியர் இருக்கும்போது ஐந்து பிள்ளைகள் வியப்பில்லை. இரண்டாம் இராஜாக்கள் 24:15உம் அவனுடைய மனைவிகள் சிறைபட்டுப் போனார்கள் என்கிறது. எண்ணெய் அளந்த கணக்கருக்கு யூதாவின் நாளாகமத்தில் எந்த அக்கறையும் இல்லை, அதனால்தான் அவர் சாட்சிக்கு மதிப்பு. பலகை அவன் வயதைச் சொல்லவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். எட்டு கூடாது என்று அது காட்டுகிறது, அவ்வளவுதான்.

பிழை நேர்ந்த விதமும் இங்கே வேறாக இருக்கலாம். இராஜாக்களில் அவன் ஆண்டது மூன்று மாதம். நாளாகமத்தில் மூன்று மாதமும் பத்து நாளும். பதினெட்டிலிருந்து விழுந்த 'பத்து' தான் ஆட்சிக் காலத்துக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு பத்து நாளாயிற்று என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். அழகான யோசனைதான். ஆனால் அந்தப் பத்து நாள் உண்மையான செய்தியாகவும் இருந்திருக்கலாம்.

காசிமேடு கடலோரம்

நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் திருவிவிலியத்தில் இந்த நூலுக்குக் குறிப்பேடு என்று பெயர். நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் அன்பியக் கூட்டங்களில் வயதான அம்மாக்கள் வரிக்கு வரி விரலை வைத்துக்கொண்டே வாசிப்பார்கள். எண் மாறினால் அந்த விரல் அங்கேயே நின்றுவிடும். புத்தகத்தின் கடைசியில் போடும் குறிப்பை அவர்கள் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். எதைப் போட்டாலும் அதே பக்கத்தின் அடியிலேயே விளக்கம் இருக்கட்டும்.

பழைய பிரதி

காசிமேட்டு நண்பர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மொழிபெயர்ப்பாளரே, உங்களுக்கு இரண்டு நேர்மையான வழிகள் இருக்கின்றன. ஆசிரியர் எடுத்தாண்ட ஆங்கில வசனத்தை நீங்களே மொழிபெயர்த்து, 'என்.ஐ.வி. பதிப்பின்படி' என்று சொல்லி 22 போடலாம். இல்லையென்றால் பழைய தமிழ் வசனத்தை 42 என்ற எண்ணோடு அப்படியே தந்து, ஆசிரியர் ஏன் 22 என்று கொள்கிறார் என்று அடியில் விளக்கலாம். பழைய தமிழ் வசனத்தை மேற்கோள் குறிக்குள் வைத்து, எண்ணை மட்டும் சத்தமில்லாமல் மாற்றுவது கூடவே கூடாது. அப்படிச் செய்தால் எந்தப் பதிப்பிலும் இல்லாத ஒரு வசனம் உங்கள் புத்தகத்தில் உருவாகிவிடும், அடுத்து வருகிறவர் அதை மேற்கோள் காட்டுவார். பழைய படியெடுப்போர் சிலர் நாளாகமத்தை இராஜாக்களோடு ஒத்துப்போகும்படி திருத்தியதும் இதே நல்லெண்ணத்தில்தான். கிரேக்கத்திலும் சிரியத்திலும் இருக்கும் 22 அப்படித் திருத்தப்பட்டதாகவும் இருக்கலாம் என்பதால் அதைத் தனிச் சாட்சியாக நான் அதிகம் நம்புவதில்லை.

இதனால்தான் எனக்கு வத்திக்கான் கோடெக்ஸ் மேல் ஒரு கண். நான்காம் நூற்றாண்டுக் கிரேக்கப் பிரதியான அதில் இந்த இடத்தில் 20 என்று இருக்கிறது. அது எபிரேயத்தோடும் ஒத்துப்போகவில்லை, இராஜாக்களோடும் ஒத்துப்போகவில்லை. யாரோடும் ஒத்துப்போகாத எண்ணை யாரும் சரிசெய்வதற்காக எழுதியிருக்க மாட்டார்கள். மேலும் 22 என்றால் யோராமுக்கு 18 வயதில் கடைசி மகன் பிறந்திருக்க வேண்டும், அதற்குள் மூத்தவர்கள் பலர் பிறந்திருக்க வேண்டும். பல மனைவியர் என்றால் அதுவும் நடக்கும், ஆனாலும் நெருக்கம்தான். 20 அந்த நெருக்கத்தைச் சற்றே தளர்த்துகிறது.

கல்மண்டபம் மொழிபெயர்ப்பாளர்

ஆசிரியரின் வாதம் 22ஐச் சார்ந்திருப்பதால் முதல் வழியை எடுத்துக்கொண்டேன். அடிக்குறிப்பை இப்படி எழுதியிருக்கிறேன்: 'இங்குள்ள வசனம் என்.ஐ.வி. ஆங்கிலப் பதிப்பிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது. எபிரேயப் பாடத்திலும் பழைய தமிழ்ப் பதிப்பிலும் இந்த இடத்தில் 42 என்று இருக்கிறது. அகசியாவின் தகப்பன் 40 வயதில் இறந்ததாக 21:20 காட்டுவதாலும், 2 இராஜாக்கள் 8:26இல் 22 என்று இருப்பதாலும் அப்பதிப்பின் 22 இங்கே கொள்ளப்பட்டது.' பதிப்பகத்தில் இதையும் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார்கள். வத்திக்கான் பிரதியின் 20ஐச் சேர்க்க இடமில்லை.

தங்கசாலை மெய்ப்பு

குறைப்பதானால் 2 இராஜாக்கள் வசனத்தை விட்டுவிடுங்கள் தம்பி, தகப்பன் வயதை விடாதீர்கள். அதைத்தான் வாசகர் தானே கூட்டிப் பார்க்க முடியும். எண்களை எழுத்தாலும் எழுதிவிடுங்கள். கடைசி மெய்ப்பை அனுப்பினால் நான் ஒரு தடவை பார்த்துத் தருகிறேன்.

தண்டையார்பேட்டை மூப்பர்

அடிக்குறிப்பில் எபிரேயத்தில் 42 என்று எழுதியதற்கு நன்றி, அது போதும் எனக்கு. பழைய பிரதி ஐயாவிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். நாளாகமத்தை முதன்முதலில் எழுதியவரே 42 என்றுதான் எழுதினார் என்றால்? அப்போது 22 என்று போடுவது படியெடுத்தவரின் பிழையைத் திருத்துவதாகாது, நூலாசிரியரையே திருத்துவதாகும். அதற்கும் பதிப்பாளருக்கு உரிமை உண்டா?

பழைய பிரதி

இல்லை, அப்படியானால் உரிமை இல்லை. அவர் அப்படி எழுதியிருக்க மாட்டார் என்று நான் நினைப்பதற்குக் காரணம், இரண்டு வசனங்களுக்கு முன்புதான் அதே கை 32 என்றும் 8 என்றும் எழுதியிருக்கிறது.

தண்டையார்பேட்டை மூப்பர்

பல ஏடுகளைப் பார்த்துத் தொகுக்கிறவர், ஓர் ஏட்டில் கண்ட தகப்பன் வயதையும் மற்றோர் ஏட்டில் கண்ட மகன் வயதையும் கூட்டிப் பார்க்காமலே எழுதியிருக்கலாம் ஐயா. தொகுப்பவர்கள் எல்லோரும் கணக்கர்கள் அல்ல. இந்த ஒரு இடத்தில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.